வளைவில் சாலை எவ்வளவு சாய வேண்டும்?

நேராக ஓடும் காரைத் திருப்ப வேண்டுமானால், அதைப் பக்கவாட்டில் ஏதாவது ஒன்று தள்ளியாக வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பும். ஆனால் சக்கரம் திரும்பியதாலேயே கார் திரும்பிவிடாது. திரும்பிய சக்கரத்தைச் சாலை உள்பக்கமாகத் தள்ளினால்தான் காரின் பாதை வளையும். சமதளச் சாலையில் அந்தத் தள்ளலைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு ஒன்றுதான். எண்ணெய் கொட்டிய வளைவில் கார் திரும்பாமல் நேராகவே வழுக்கிப் போவதற்குக் காரணம் இதுவே. ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், சக்கரமும் திரும்பியிருக்கும். தள்ளுவதற்கு உராய்வு இருக்காது.

உராய்வை நம்பாமலே காரைத் திருப்ப ஒரு வழி உண்டு. வளைவில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தி, சாலையையே உள்பக்கமாகச் சாய்த்துவிடுவது. சரியான அளவுக்குச் சாய்த்தால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வரும் கார், சாலை பனிக்கட்டியாக உறைந்திருந்தாலும் பக்கவாட்டில் வழுக்காமல் திரும்பும். அந்தச் சாய்வு எத்தனை டிகிரி என்று கண்டுபிடிப்பது பள்ளிக் கணக்கு அளவுக்கு எளிது. ஆனால் கண்டுபிடித்த கோணத்தை அப்படியே சாலையில் போட முடியாது. அந்தத் தடையும் அதே கணக்கிலிருந்துதான் வருகிறது.

இங்கே உராய்வு இல்லை என்று சொல்வது பக்கவாட்டு உராய்வை மட்டுமே. எஞ்சின் காரை முன்னே நகர்த்தவும் பிரேக் அதை நிறுத்தவும் டயருக்குப் பிடிப்பு எப்போதும் வேண்டும். திரும்புவதற்கு மட்டும் அந்தப் பிடிப்பு தேவைப்படாமல் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

வளைவு கேட்கும் விசை

ஒரு வளைவில் காரைத் திருப்பத் தேவைப்படும் விசை, வளைவின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும். பாடநூல்கள் இதை மையநோக்கு விசை என்று அழைக்கின்றன. அதன் அளவு காரின் நிறை, வேகம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. வளைவை முழு வட்டமாக நீட்டி வரைந்தால், அதன் மையத்திலிருந்து சாலை வரை உள்ள தூரமே ஆரம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் தேவையான விசை கிடைக்கும்:

mv² / r

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். கார் ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ. வளைவின் ஆரம் 200 மீட்டர். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். முதலில் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும். 72,000 மீட்டரை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 20 மீட்டர். அதன் வர்க்கம் 400. ஆயிரத்தை நானூறால் பெருக்கி இருநூறால் வகுத்தால் 2,000 நியூட்டன் வரும்.

நியூட்டன் என்ற அலகு பழக்கமில்லாதவர்கள் அதை எடையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோ அரிசியைப் பூமி 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. அந்தக் கணக்கில் 1,000 கிலோ காரின் எடை 9,800 நியூட்டன். எனவே வளைவு கேட்கும் 2,000 நியூட்டன், காரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சமதளச் சாலையில் இதை முழுவதும் டயரின் பிடிப்பே தர வேண்டும்.

வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். பேருந்து திரும்பும்போது யாரோ வெளிப்பக்கமாகத் தள்ளுவதுபோல உடல் சாய்கிறது. உண்மையில் வெளியே தள்ளுபவர் யாரும் இல்லை. உடல் பழைய பாதையில் நேராகவே போகப் பார்க்கிறது. அதற்குள் பேருந்து உள்பக்கம் திரும்பிவிடுகிறது. பிறகு இருக்கையும் பக்கச்சுவரும் உடலை உள்நோக்கித் தள்ளித் தங்களோடு இழுத்துச் செல்கின்றன. காருக்கும் அதே நிலைதான். அதற்கு உள்நோக்கிய தள்ளல் வேண்டும்.

சாய்வு தரும் விசை

உராய்வே இல்லாத ஒரு தளம், தன்மேல் இருக்கும் பொருளைத் தன் பரப்புக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ள முடியும். இதைச் செங்குத்து விசை என்பார்கள். சமதளத்தில் அந்தத் தள்ளல் நேர் மேல்நோக்கி இருக்கும். காரின் எடையைத் தாங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். பக்கவாட்டில் தள்ள அதனிடம் எதுவும் மிஞ்சாது.

சாலையை உள்பக்கமாகச் சாய்த்தவுடன் அந்தத் தள்ளலும் சாய்கிறது. பரப்புக்கு அது இப்போதும் செங்குத்துதான். ஆனால் பரப்பே சாய்ந்திருப்பதால், தள்ளல் மேல்நோக்கியும் கொஞ்சம் உள்நோக்கியும் இருக்கிறது. எனவே ஒரே விசை இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதன் நிமிர்ந்த கூறு காரின் எடையைத் தாங்குகிறது. அதன் கிடைமட்டக் கூறு காரை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. சாய்வைக் கூட்டினால் கிடைமட்டக் கூறு வளரும். அந்தக் கூறு வளைவு கேட்கும் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும் கோணமே தேடும் கோணம்.

கோணத்தைக் காணும் முறை

செங்குத்து விசையை N என்றும் சாய்வுக் கோணத்தை θ என்றும் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இரண்டு வேலைகளும் இரண்டு வரிகளாகின்றன. கார் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எனவே நிமிர்ந்த கூறு எடைக்குச் சமம்:

N cos θ = mg

கார் வட்டப் பாதையில் திரும்புகிறது. எனவே கிடைமட்டக் கூறு வளைவு கேட்கும் விசைக்குச் சமம்:

N sin θ = mv² / r

இரண்டாவது வரியை முதல் வரியால் வகுத்தால் N விலகிவிடும். காரின் நிறையும் விலகிவிடும். மிஞ்சுவது இது:

tan θ = v² / (rg)

எடுத்துக்காட்டின் எண்களை இட்டால் v² என்பது 400. Rg என்பது 200 பெருக்கல் 9.8, அதாவது 1,960. வகுத்தால் 0.204. எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.204 என்று கால்குலேட்டரில் பார்த்தால் 11.5 டிகிரி கிடைக்கும். டேன் என்பது வேறொன்றுமில்லை; கிடைமட்டமாக ஒரு மீட்டர் போனால் சாலை எவ்வளவு உயர்கிறது என்பதுதான். 0.204 என்றால் ஒரு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உயர்வு. 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையில் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட ஏறக்குறைய 1.4 மீட்டர் மேலே நிற்கும். சாலையின் ஒரு ஓரம் ஒரு சிறுவனின் உயரத்துக்கு ஏறியிருக்கும்.

விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தளம் ஒரே நேரத்தில் 9,800 நியூட்டன் மேல்நோக்கியும் 2,000 நியூட்டன் உள்நோக்கியும் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் சுமார் 10,000 நியூட்டன். அதாவது தளம் காரைத் தாங்கும் விசை, காரின் எடையைவிட இரண்டு சதவீதம் கூடுதல். திரும்பும் நேரத்தில் கார் சாலையை அந்த அளவுக்கு அழுத்தமாக மிதிக்கிறது.

இதே விடையைச் சமன்பாடு இல்லாமலும் பார்க்கலாம். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைக் காரின் கூரையிலிருந்து தொங்கவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில், 200 மீட்டர் வளைவில், 72 கிலோமீட்டர் வேகத்தில் கார் திரும்பும்போது நூல் நேராகத் தொங்காது, வெளிப்பக்கமாக 11.5 டிகிரி விலகி நிற்கும். அந்த நூலுக்குச் செங்குத்தாகச் சாலையை அமைத்தால் அதுவே சரியான சாய்வு. வண்டிக்குள் இருப்பவருக்கு நூல் காட்டும் திசைதான் 'கீழ்'. சாலை அந்தக் கீழ்த்திசைக்குச் சமமட்டமாக இருந்தால் எதுவும் எந்தப் பக்கமும் உருளாது.

நிறை விலகிப்போனது தற்செயல் அல்ல. 12,000 கிலோ பேருந்துக்கு அந்த வளைவில் 24,000 நியூட்டன் தேவை. அதன் எடையோ 1,17,600 நியூட்டன். இரண்டும் பன்னிரண்டு மடங்கு கூடியிருக்கின்றன. விகிதம் அதே 0.204. ஆகவே ஒரே வேகத்தில் வந்தால் காருக்கும் பேருந்துக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே சாய்வு போதும். வேகம் அப்படி அல்ல. அதே வளைவில் 36 கிலோமீட்டருக்குத் தேவையான சாய்வு 2.9 டிகிரி; 72-க்கு 11.5 டிகிரி, 144-க்கு 39.2 டிகிரி. வேகம் இரட்டித்தால் டேன் மதிப்பு நான்கு மடங்காகிறது.

கணக்கு தவறும் இடங்கள்

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் தவறு, செங்குத்து விசையின் அளவை N = mg cos θ என்று எழுதிவிடுவது. சாய்தளத்தில் வழுக்கி இறங்கும் மரக்கட்டைக்கு அது சரி. அங்கே கட்டை தளத்தின் வழியாகவே நகர்கிறது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பும் காரின் நிலை வேறு. அதன் முடுக்கம் கிடைமட்டமாக, வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்கிறது. மாற்றம் இல்லாத திசை நிமிர்ந்த திசைதான். அதனால் இங்கே N என்பது mg-யை cos θ-ஆல் வகுத்தது. எடையைவிடக் கூடுதல், குறைவல்ல.

இந்தத் தவறு எளிதில் பிடிபடாது. தவறாகப் போட்டாலும் நம் எடுத்துக்காட்டில் 12 டிகிரி என்ற நம்பத்தக்க விடையே வரும். வேகத்தை 144 ஆக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது தவறான சமன்பாட்டுக்கு விடையே இருக்காது. சரியான சமன்பாடு 39.2 டிகிரி என்று சொல்லும். tan θ எவ்வளவு பெரிய எண்ணாகவும் ஆகலாம் என்பதால் எந்த வேகத்துக்கும் ஒரு கோணம் உண்டு. 90 டிகிரியை மட்டும் எந்த வேகமும் எட்டாது. நேர்சுவர் பக்கவாட்டில் தள்ளுமே தவிர எடையைத் தாங்காது.

இரண்டாவது தவறு அலகில். 72 என்ற எண்ணை மாற்றாமல் அப்படியே இட்டால் விடை 69 டிகிரி வரும். ஏணி சாத்திய சுவர் போன்ற சாலை அது. கோணத்தைப் பார்த்தவுடனே எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். மூன்றாவது, ஆரத்தைச் சாய்வின் வழியாக அளப்பது. கார் ஓடும் வட்டம் கிடைமட்டமானது. ஆரமும் கிடைமட்டமாகவே அளக்கப்பட வேண்டும்.

நார்தோவின் வளையம்

இந்தச் சமன்பாட்டைக் கிட்டத்தட்ட அப்படியே தரையில் வரைந்த இடம் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. அந்நாட்டின் வரைபடம் ஒரு பூட்ஸ் போல இருக்கும். அதன் குதிகாலில் உள்ள ஊர் நார்தோ. 1975-இல் பியட் நிறுவனம் அதன் அருகே கார்களைச் சோதிக்க ஒரு வளையச் சாலை அமைத்தது. நேர்ப்பகுதியே இல்லாத முழு வட்டம், சுற்றளவு 12.6 கிலோமீட்டர். 2012 முதல் அது போர்ஷே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கார்களுக்கு அங்கே நான்கு தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நடுநிலை வேகம் வகுத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் ஓடும் ஓட்டுநர், வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை. நேர்சாலையில் போவதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மிக வெளியே உள்ள தடத்தின் நடுநிலை வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர்.

சமன்பாட்டை இங்கே இட்டுப் பார்க்கலாம். சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் சுமார் 2,000 மீட்டர். 240 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 66.7 மீட்டர்; அதன் வர்க்கம் 4,444. ஆரத்தையும் 9.8-ஐயும் பெருக்கினால் 19,600. வகுத்தால் 0.227, கோணம் சுமார் 12.8 டிகிரி. ஆரம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் 240 கிலோமீட்டர் வேகத்துக்கும் இந்தச் சிறு சாய்வு போதுகிறது. அதே வேகத்தை 200 மீட்டர் வளைவில் உராய்வின்றித் திருப்ப வேண்டுமானால் 66 டிகிரி சாய்க்க வேண்டியிருக்கும்.

உள்தடங்களில் வேகம் குறைவு. எனவே அங்கே சாய்வும் குறைவாக இருந்தாக வேண்டும். அப்படி அமைந்த சாலையின் குறுக்குவெட்டு ஒரே நேர்கோடாக இருக்காது. வெளியே போகப் போகச் செங்குத்தாகும் கிண்ணத்தின் ஓரம்போல இருக்கும். ஓட்டுநர் தன் வேகத்துக்கு ஏற்ற தடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் 2021-இல் திறக்கப்பட்ட நாட்ராக்ஸ் சோதனைத் தடமும் இதே எண்ணத்தில் அமைந்தது. அதன் வளைவுகளின் நடுநிலை வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்.

செங்குத்தாகச் சாய்ந்த எல்லாத் தடங்களும் உராய்வின்றி ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தடத்தின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. ஆரம் சுமார் 300 மீட்டர். கணக்கிட்டால் நடுநிலை வேகம் மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர்தான் வருகிறது. பந்தயக் கார்கள் அதைவிட மிக வேகமாக ஓடுகின்றன. மிச்சத்தை டயர்களின் பிடிப்புதான் தருகிறது.

வேகம் மாறினால்

11.5 டிகிரி சாய்த்த 200 மீட்டர் வளைவுக்கே திரும்பலாம். அது 72 கிலோமீட்டருக்கு மட்டும் வெட்டித் தைத்த சட்டை. வேறு வேகத்தில் வரும் வண்டிக்கு அது பொருந்தாது.

கார் 90 கிலோமீட்டரில் வந்தால் வளைவு 3,125 நியூட்டன் கேட்கும். சாய்வு தருவது அதைவிடக் குறைவு. கார் வெளிப்பக்கமாக, மேல்நோக்கி நகரப் பார்க்கும். அதைத் தடுக்க டயரின் உராய்வு சரிவின் வழியே கீழ்நோக்கி 1,100 நியூட்டன் அளவுக்குப் பிடிக்க வேண்டும். 54 கிலோமீட்டரில் வந்தால் நிலைமை தலைகீழ். வளைவு கேட்பது 1,125 நியூட்டன்தான். சாய்வோ அதற்கு மேல் தருகிறது. கார் உள்பக்கமாகக் கீழே சரியப் பார்க்கும். உராய்வு சரிவின் வழியே மேல்நோக்கி சுமார் 860 நியூட்டன் தர வேண்டும். ஒரே சாலையில், ஒரே டயரில், உராய்வின் திசை மட்டும் மாறிவிடுகிறது. அது மாறும் எல்லைக்கோடுதான் 72.

கார் அந்த வளைவிலேயே நின்றுவிட்டால்? அப்போது வளைவு எதையும் கேட்பதில்லை; சரிவு மட்டும் இருக்கிறது. கார் கீழே வழுக்காமல் நிற்க 1,960 நியூட்டன் உராய்வு வேண்டும். எந்த அளவு பிடிப்புள்ள டயர் இதைத் தாங்கும் என்று கணக்கிட்டால், தேவையான உராய்வுக் குணகம் 0.204.

இந்த எண் முன்பே வந்தது. சமதளச் சாலையில் 72 கிலோமீட்டரில் திரும்பும் காருக்குத் தேவையான உராய்வுக் குணகமும் இதே 0.204-தான், எடையில் ஐந்தில் ஒரு பங்கு. சாலையைச் சாய்த்ததால் அந்தத் தேவை மறைந்துவிடவில்லை. வேகமாக வரும் காரின் தலையிலிருந்து இறங்கி, நின்றுபோன காரின் தலையில் ஏறியிருக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.7 அளவுக்கு இருக்கும் என்பதால் இது பெரிய சுமை அல்ல. பனிக்கட்டி மூடிய சாலையில் குணகம் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 72-இல் வரும் கார் அழகாகத் திரும்பிப் போகும். நிற்கும் கார் மெல்ல உள்பக்கப் பள்ளத்தை நோக்கிச் சரியும்.

வைக்கோலோ பஞ்சுப் பொதியோ உயரமாக ஏற்றிய லாரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே பார்த்த கணக்கு காரை ஒரு புள்ளியாகவே எடுத்துக்கொண்டது. அதன் உயரம் அதில் வரவில்லை. உயரமான பாரம் மெதுவாக வந்து அதிகச் சாய்வில் ஏறினால், வழுக்குவதற்கு முன்பே உள்பக்கமாகக் கவிழக்கூடும்.

நடுநிலை வேகத்தை அறிவது எப்படி

ஒரு வளைவின் நடுநிலை வேகத்தை வண்டிக்குள் இருந்தே கண்டுபிடிக்கலாம். முன்கண்ணாடியில் தொங்கும் பொம்மை, கார் வளைவைச் சீரான வேகத்தில் கடக்கும்போது காரின் நடுக்கோட்டைவிட்டு வெளிப்பக்கம் விலகினால், வேகம் நடுநிலையைத் தாண்டிவிட்டது. உள்பக்கம் விலகினால் வேகம் குறைவு. நடுக்கோட்டிலேயே தொங்கினால் அதுதான் அந்த வளைவின் நடுநிலை வேகம். டம்ளரில் உள்ள தண்ணீரும் அப்போது காரின் தரைக்குச் சமமாக நிற்கும்.

சாலைப் பொறியாளர்கள் இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவம் நிரப்பி, உள்ளே ஒரு எஃகுக் குண்டை விட்டிருப்பார்கள். அதை டாஷ்போர்டில் பொருத்தி, வளைவை வெவ்வேறு வேகங்களில் கடந்து, குண்டு எத்தனை டிகிரி விலகுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சில நாடுகளில் வளைவுக்கு முன் வைக்கும் ஆலோசனை வேகப் பலகைகளில் என்ன எண் எழுதுவது என்பதை இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். ஸ்பிரிங் அமுங்கிக் காரின் உடல் சாய்வதும் அந்த அளவீட்டில் சேர்ந்துவிடும் என்பதால், அது சாலையின் சாய்வை மட்டும் காட்டுவதில்லை.

நெடுஞ்சாலையின் சமரசம்

சோதனைத் தடத்தில் யாரும் வழியில் நிற்பதில்லை. தடத்துக்கு ஒரு வேகம் என்று பிரித்துக்கொள்ளவும் முடிகிறது. பொதுச் சாலையில் அது நடக்காது. ஒரே வளைவில் காரும் வரும், டிராக்டரும் வரும், பழுதாகி நிற்கும் லாரியும் இருக்கும். அதனால் இந்தியச் சாலை வடிவமைப்பு விதிகள் முழு வேகத்துக்கும் சாய்க்கச் சொல்வதில்லை. வடிவமைப்பு வேகத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் உராய்வில்லாத சாய்வைக் கணக்கிட வேண்டும். அதுவும் சமவெளியில் 7 சதவீதத்தைத் தாண்டினால் 7 சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டும். பனி பெய்யாத மலைச்சாலைக்கு இந்த எல்லை 10 சதவீதம். மீதியை உராய்வு ஈடுகட்டும். ஆனால் அதனிடம் 0.15-க்கு மேல் கேட்கக் கூடாது.

பொறியாளர்கள் வேகத்தைக் கிலோமீட்டரிலேயே வைத்துக்கொள்ள வசதியாகச் சமன்பாட்டை இப்படி எழுதுகிறார்கள்:

e + f = V² / (127R)

இதில் e என்பது சாலையின் சாய்வு, f என்பது உராய்வின் பங்கு, V என்பது மணிக்குக் கிலோமீட்டர், R என்பது மீட்டரில் ஆரம். 127 என்ற எண் 9.8-உம் அலகு மாற்றமும் சேர்ந்து பிறந்தது. f-ஐப் பூஜ்யமாக்கினால் இது பழைய tan θ சமன்பாடேதான்.

அதே 200 மீட்டர் வளைவு, அதே 72 கிலோமீட்டர். முக்கால் பங்கு வேகம் 54. அதற்கான சாய்வு 0.115, அதாவது 11.5 சதவீதம். முன்பு வந்த 11.5 டிகிரியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, 11.5 சதவீதம் என்பது ஆறரை டிகிரிதான். அதுவும் 7 சதவீத எல்லைக்கு மேலே இருப்பதால் 7 சதவீதமே வைக்கப்படும். முழு வேகத்துக்கு வளைவு கேட்பது 0.204. அதில் 0.07-ஐச் சாய்வு தந்துவிட்டால் உராய்வு தர வேண்டியது 0.134. இது 0.15-க்குள் அடங்குவதால் வளைவு ஏற்கத்தக்கது. 7 மீட்டர் அகலச் சாலையின் வெளிவிளிம்பு 1.4 மீட்டருக்குப் பதிலாக அரை மீட்டர் உயர்ந்தால் போதும். அங்கே நின்றுபோகும் லாரிக்கும் 0.07 பிடிப்பு இருந்தால் போதும்.

உராய்வின் பங்கு 0.15-ஐத் தாண்டியிருந்தால் வழி இரண்டுதான். வளைவின் ஆரத்தைப் பெரிதாக்கலாம். இடம் இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைக்கலாம். இரண்டு எல்லைகளையும் கூட்டினால் 0.22. அதை வைத்துக் கணக்கிட்டால் 200 மீட்டர் வளைவு அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர்.

கட்டும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேர்சாலையின் நடு சற்று மேடாக, இருபுறமும் மழைநீர் வடியும்படி சரிந்திருக்கும். அந்த வடிவத்தையே வளைவிலும் விட்டுவிட்டால், சாலையின் வெளிப்பாதி வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். அந்தப் பாதியில் வரும் காருக்குச் சாய்வு உதவாததோடு, உராய்வின் பங்கையும் தின்றுவிடும். ஆகவே வளைவு தொடங்குவதற்கு முன்பே வெளிப்பாதியை மெல்ல உயர்த்தி, முதலில் சமமாக்கி, பிறகு முழுச் சாலையையும் ஒரே சரிவாக உள்பக்கம் சாய்க்கிறார்கள். மழை பெய்த பிறகு ஒரு வளைவின் வெளி ஓரத்தில் தண்ணீர் தேங்கி நின்றால், அங்கே சாய்வு சரியாக இல்லை என்பதற்கு அது ஒரு அடையாளம்.

7 சதவீதம் சாய்ந்த அந்த 200 மீட்டர் வளைவின் நடுநிலை வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். அதில் 72-இல் திரும்பும் காரை வளைக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சாய்வு தருகிறது. மற்ற இரண்டு பங்கும் டயரின் பிடிப்பிலிருந்து வருகிறது. மழை பெய்தாலும் டயர் தேய்ந்தாலும் சாய்வின் பங்கு குறைவதில்லை. குறைவது டயரின் பங்குதான்.